வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு: இடையில் அறுந்துபோவது எது?

கையடக்கத் தொலைபேசியில் ஒரு பக்கம் திறந்துகொண்டிருக்கும். திரையின் மேல் மூலையில் இருந்த வைஃபை அடையாளம் மறைந்து 4G என்ற எழுத்து வரும். அடுத்த நொடியே, பாதி வந்த பக்கமும் போய் வெள்ளைத் திரையில் ஓர் அறிவித்தல் நிற்கும். இணைப்பு இடையில் தடைப்பட்டது, வலையமைப்பு மாறியதாகத் தெரிகிறது என்று அது ஆங்கிலத்தில் சொல்லும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இந்தக் குறியீடு இருக்கும்:

```
ERR_NETWORK_CHANGED
```

குரோம் உலாவியைப் பயன்படுத்தும் எவருக்கும் இது வரலாம். ஆனால் ஹல்துமுல்லை போன்ற ஊரில் கொஞ்சம் அடிக்கடியே வரும். இங்கே வீடுகள் மலைச்சரிவை வெட்டிக் கட்டப்பட்டவை. முன்னறை வீதி மட்டத்தில் வெளியைப் பார்த்திருக்கும். குசினியின் பின்சுவரை ஒட்டி மண்மேடு நிற்கும். கம்பி வழி இணையம் வராத வீடுகளில் சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டரைத்தான் வைத்திருக்கிறோம். கோபுரத்தின் சிக்னல் எட்டும் முன்னறை ஜன்னலில் அதை வைத்தால், பின்பக்கத்துக்கு வைஃபை சரியாக எட்டாது. முன்னறையிலிருந்து குசினிக்கு நடப்பதற்குள் தொலைபேசி ஒரு வலையமைப்பை விட்டு இன்னொன்றைப் பிடித்துவிடும்.

எனக்கு முதலில் புரியாமல் இருந்தது ஒன்றுதான். எங்கள் ரவுட்டரில் உள்ள சிம்மும் உம்மாவின் தொலைபேசியில் உள்ள சிம்மும் ஒரே நிறுவனத்தினுடையவை. இரண்டும் எதிர்மலையில் உள்ள ஒரே கோபுரத்தோடுதான் பேசுகின்றன. அப்படியிருக்க, வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறும்போது என்னதான் மாறுகிறது? கோபுரமும் மாறவில்லை, நிறுவனமும் மாறவில்லை.

மாறுவது முகவரி. இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற எண் ஒன்று கொடுக்கப்படும். அது தொலைபேசிக்குச் சொந்தமான எண் அல்ல. எந்த வலையமைப்பில் இணைகிறதோ அந்த வலையமைப்பு கொடுப்பது. தொலைபேசியின் அமைப்புகளில் வைஃபை விபரத்தைத் திறந்தால் அதைப் பார்க்கலாம். உம்மாவின் தொலைபேசிக்கு வீட்டு ரவுட்டர் கொடுத்திருந்த எண் 192.168.8.103. வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவைப் போட்டுப் பார்த்தால் 10 என்று தொடங்கும் வேறோர் எண் இருந்தது. அதே தொலைபேசி, அதே மேசை, அதே கோபுரம். ஆனால் முகவரி இரண்டு.

இந்த இரண்டுமே உள்ளூர் முகவரிகள்தான். வெளியே போகும்போது ரவுட்டரும் நிறுவனத்தின் கருவிகளும் இவற்றைப் பொது முகவரியாக மாற்றி அனுப்புகின்றன. எந்த உள்முகவரிக்கு எந்த வெளிமுகவரி என்று ஒரு பதிவேடும் வைத்துக்கொள்கின்றன. தற்செயலாக இரண்டு வழிகளுக்கும் ஒரே பொது முகவரி கிடைத்தாலும் பயனில்லை. பதிவேட்டில் இரண்டும் வேறு வேறு வரிகள். பழைய வரிக்கு வந்த பதில் புதிய வரிக்குத் தானாகப் போய்ச் சேராது.

முகவரி மாறினால் பக்கம் ஏன் அறுந்துபோக வேண்டும் என்று கேட்கலாம். அதற்கு, பக்கம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இணையப் பக்கம் ஒரே துண்டாக வருவதில்லை. முதலில் எழுத்துக்கள், பிறகு படங்கள், பிறகு வடிவமைப்புக் கோப்புகள் என்று பல கோரிக்கைகளுக்குப் பல பதில்களாக வருகிறது. பெரும்பாலான பக்கங்களில் இவற்றைச் சுமந்து வருவது டிசிபி என்ற நெறிமுறை. அதற்கு அடித்தளமான கட்டுரையை விண்ட் சேர்ஃப், ரொபர்ட் கான் என்ற இருவர் 1974 இல் வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் நிலைத்து நின்ற அதன் விதிமுறை 1981 இல் வந்தது. அந்நாளைய கணினி மேசையில், பெரும்பாலும் ஓர் அறையையே அடைத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அது தன் முகவரியை மாற்றிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆகவே டிசிபி ஓர் இணைப்பை நான்கு எண்களால் அடையாளம் காண்கிறது. நம்முடைய முகவரி, நம் பக்கத்துத் துறை எண், மறுமுனையில் உள்ள சேவையகத்தின் முகவரி, அதன் துறை எண் என்பவையே அவை. நான்கில் ஒன்று மாறினாலும் அது பழைய இணைப்பு அல்ல.

தோட்டத்துக் கடையில் கடன் கொப்பி வைத்திருப்பார்கள் அல்லவா? அதில் ஆளின் பெயரை எழுதாமல் வீட்டு இலக்கத்தை மட்டும் எழுதும் ஒரு முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் இலக்க வீட்டுக்காரர் பாதிச் சாமான் வாங்கிக்கொண்டிருக்கும்போது 22ஆம் இலக்கத்துக்குக் குடிமாறிவிட்டார். மீதிச் சாமானை முதலாளி 14க்கு அனுப்புவார்; அங்கே வாங்க ஆள் இல்லை. அதே மனிதர் வந்து, “22ஆம் இலக்கம், மீதியைத் தாருங்கள்” என்றால், “22க்குக் கணக்கே இல்லையே” என்பார் முதலாளி. மனிதர் அதே மனிதர்தான். கொப்பிதான் அவரை அறியாது.

இந்த நிலையில் உலாவிக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய வழியில் பதில் வரும் என்று காத்திருப்பது. டிசிபி பொறுமையானது; பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துப் பல நிமிடங்கள் காத்திருக்கும். அந்த நேரம் முழுவதும் நாம் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மற்றது, நடந்ததை உடனே சொல்லிவிடுவது. வலையமைப்பு மாறியதைத் தொலைபேசியின் இயங்குதளம் குரோமுக்கு அறிவிக்கிறது. குரோம் அப்போது தேடிக்கொண்டிருந்த முகவரிகளையும், முழுமையாகாத இணைப்புகளையும் கைவிட்டு, அந்தக் குறியீட்டைக் காட்டுகிறது. எனவே அந்த அறிவித்தல் பக்கத்தின் பழுதும் அல்ல, தொலைபேசியின் பழுதும் அல்ல. வீணாகக் காக்க வைக்காமல் சொல்லப்படும் செய்தி அது.

இதனால்தான் இந்தப் பிழையை மற்றப் பிழைகளிலிருந்து எளிதாகப் பிரித்தறியலாம். இணையமே இல்லாவிட்டால் `ERR_INTERNET_DISCONNECTED` வரும். மறுமுனையிலிருந்து பதிலே வராவிட்டால், நெடுநேரம் காத்திருந்த பிறகு `ERR_CONNECTION_TIMED_OUT` வரும். வலையமைப்பு மாறிய பிழையோ, மேலே உள்ள அடையாளம் மாறிய கையோடு சட்டென்று வரும். மறுபடி திறந்தால் பெரும்பாலும் பக்கம் வந்துவிடும்; பல நேரங்களில் உலாவியே தானாக மறுபடி முயன்று பார்க்கும்.

தொலைபேசி எப்போது மாறுகிறது? இதையும் அளந்து பார்க்க முடிந்தது. வைஃபை சிக்னலின் பலத்தைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. அவை dBm என்ற அலகில் எதிர்மறை எண்களாகக் காட்டும். எண் பூச்சியத்திலிருந்து விலக விலகப் பலம் குறைவு. ஒவ்வொரு 10 விலகலுக்கும் சக்தி பத்தில் ஒன்றாகிறது. எங்கள் முன்னறையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் −42 இருந்தது. குசினியின் பின்படியில் −82. அதாவது 40 வித்தியாசம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் அங்கே வந்து சேர்கிறது. அந்தப் படியில் நின்றால் அடையாளம் மறைந்து மறைந்து வந்தது. எந்த அளவில் கைவிட வேண்டும் என்பது தொலைபேசிக்குத் தொலைபேசி மாறும். ஆனால் −80ஐத் தாண்டிய இடத்தில் நின்று முக்கியமான எதையும் செய்யாமல் இருப்பது நல்லது.

இங்கே ஒரு பழியை நீக்கிவிட வேண்டும். “மூடுபனி இறங்கினால் வைஃபை போய்விடும்” என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு மூடுபனி ஒரு தடையே அல்ல என்று சொல்லலாம். தடுப்பவை சுவரும் மண்மேடும்தான். மூடுபனியும் மழையும் காற்றும் வரும் நாட்களில் இன்னொன்று நடக்கிறது. மின்சாரம் போகிறது. ரவுட்டர் அணைந்ததும் தொலைபேசி டேட்டாவுக்கு மாறுகிறது. அது முதல் அறுதல். மின்சாரம் வந்து, ரவுட்டர் ஓரிரு நிமிடங்களில் எழும்பியதும் தொலைபேசி மறுபடி வைஃபைக்குத் திரும்புகிறது. அது இரண்டாவது அறுதல். “டேட்டா நன்றாகத்தானே இருந்தது, ஏன் மறுபடி போனது?” என்று நாம் ஆச்சரியப்படுவது இந்த இரண்டாவதைப் பார்த்துத்தான். போகும்போது மட்டுமல்ல, திரும்பி வரும்போதும் முகவரி மாறுகிறது.

இதுவரை சொன்னது ஒரு பக்கத்தை வாசிக்கும்போது நடப்பது. வாசிக்கும் பக்கம் அறுந்தால் பெரிய இழப்பில்லை. பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கச் சுட்டெண்ணைக் கொடுத்துப் பக்கம் வராமல் போனால், மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் பெறுபேறு மாறப்போவதில்லை. ஆனால் நாம் எதையாவது அனுப்பும் பக்கம் அறுந்தால் கதை வேறு. விண்ணப்பம், கட்டணம், பரீட்சைக்கான பதிவு எல்லாம் இந்த வகைதான். உயர்தரம் முடித்த பிறகு நமக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இன்று இணைய வழியாகத்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

என் ராத்தா கடந்த வருடம் ஒரு டிப்ளோமா பாடநெறிக்கு விண்ணப்பித்தார். படிவத்தை நிரப்பி, சான்றிதழின் படத்தையும் சேர்த்து, அனுப்பும் பொத்தானை அழுத்தினார். படம் 2 மெகாபைட். எங்கள் வீட்டில் மேலேற்றும் வேகம் அந்த நேரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 1 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், படம் போய்ச் சேர 16 நொடிகளாவது வேண்டும். அந்த 16 நொடிகளுக்கும், அதற்குப் பிறகு பதில் வரும் நொடிகளுக்கும் நடுவில் எங்கோ மின்சாரம் போனது. திரையில் அந்தக் குறியீடு.

இப்போது கேள்வி, விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பது. இரண்டு விதமாகவும் நடந்திருக்கலாம். படம் மேலேறிக்கொண்டிருந்த 9ஆவது நொடியில் அறுந்திருந்தால், சேவையகத்திடம் அரைகுறையான ஒரு கோரிக்கை மட்டுமே இருக்கும். சாதாரணமாக அது அதைப் பதியாமல் விட்டுவிடும். ஆனால் 17ஆவது நொடியில் அறுந்திருந்தால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. சேவையகம் பதிவும் செய்துவிட்டது. “கிடைத்தது” என்ற பதில் மட்டுமே பழைய முகவரியைத் தேடிப் போய்த் தொலைந்துவிட்டது. நம் திரையிலோ இரண்டுக்கும் ஒரே வெள்ளைப் பக்கம், ஒரே குறியீடு. தொலைபேசியிடம் எவ்வளவு கேட்டாலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அதற்கும் தெரியாது. விடை இருப்பது மறுமுனையில் மட்டும்தான்.

அதனால் அந்த நேரத்தில் மறுபடி ஏற்றும் பொத்தானை அழுத்துவது சரியான வேலை அல்ல. உலாவிக்கே இது தெரியும். அனுப்பிய படிவத்தை மறுபடி ஏற்றச் சொன்னால், “படிவத்தை மீண்டும் அனுப்பவா?” என்ற கருத்தில் அது கேட்கும். அதற்கு ஆம் என்றால், முதல் விண்ணப்பம் போயிருந்தாலும் போகாவிட்டாலும் இன்னொன்று போகும். விண்ணப்பம் என்றால் இரண்டு பதிவுகள். கட்டணம் என்றால் இரண்டு முறை பணம்.

ராத்தா வேறு விதமாகச் செய்தார். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, முதலில் வைஃபையை நிறுத்தினார். மின்சாரம் திரும்பினாலும் தொலைபேசி இன்னொரு முறை மாறாமல் இருக்கத்தான் அது. பிறகு புதிய பக்கத்தில் அந்தத் தளத்தைத் திறந்து, தன் கணக்கினுள் போய், விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்தார். அங்கே விண்ணப்ப இலக்கம் இருந்தது. சிறிது நேரத்தில் மின்னஞ்சலும் வந்தது. அறுந்தது 17ஆவது நொடியின் பக்கம்தான் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இலக்கம் இல்லாமல் இருந்திருந்தால் மறுபடி அனுப்பியிருப்பார். அப்போது அதில் ஆபத்தில்லை. கட்டணமாக இருந்தால் வங்கியின் குறுஞ்செய்தியையோ கணக்கின் மீதியையோ பார்த்துவிட்டுத்தான் அடுத்த முறை அழுத்த வேண்டும். கணக்கும் இலக்கமும் காட்டாத தளமாக இருந்தால், தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே வழி.

இதில் தளத்தை அமைப்பவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நன்றாக அமைத்த தளங்கள், படிவத்தைத் திறக்கும்போதே அதற்கு ஓர் ஒற்றை இலக்கத்தைக் கொடுத்துவிடும். அதே இலக்கத்தோடு இரண்டாவது முறை வந்தால், “இது முன்பே கிடைத்தது” என்று முதல் பதிலையே திருப்பிக் கொடுக்கும். எத்தனை முறை அழுத்தினாலும் பதிவு ஒன்றுதான். ஆனால் நாம் பார்க்கும் தளம் அப்படி அமைக்கப்பட்டதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் இல்லை என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

முன்கூட்டியே தவிர்க்கவும் எளிய வழி உண்டு. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன், இரண்டில் ஒன்றை நிறுத்திவிடுங்கள். வைஃபை பலமாக இருக்கும் இடமானால் டேட்டாவை நிறுத்தலாம். ரவுட்டருக்கு மின்கல ஆதரவு இல்லாமல், மழையும் பெய்துகொண்டிருந்தால், வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் அனுப்புவது மேல். ஒரே வழி மட்டும் இருந்தால், சிக்னல் தடுமாறினாலும் தொலைபேசி இன்னொன்றுக்குத் தாவாது. சிக்னல் சில நொடிகள் போய் வந்தாலும் முகவரி அதேயாக இருக்கும்வரை டிசிபி விட்ட இடத்திலிருந்து தொடரும். அதன் பொறுமை அப்போதுதான் நமக்கு உதவுகிறது. வைஃபை பலவீனமானால் தானாக டேட்டாவுக்கு மாறும்படி ஓர் அமைப்பு பல தொலைபேசிகளில் இருக்கிறது. அதை நிறுத்தி வைத்தாலும் தேவையற்ற தாவல்கள் குறையும். சான்றிதழின் படத்தைச் சிறிதாக்கி அனுப்புவதும் உதவும். 16 நொடி 4 நொடியானால், அறுவதற்குக் கிடைக்கும் நேரமும் நான்கில் ஒன்றுதான்.

“வாட்ஸ்அப் மட்டும் ஏன் அறுவதில்லை?” என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். அதுவும் அறுகிறது. ஆனால் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் செயலியே ஒரு தனி அடையாளம் வைத்திருக்கிறது. இணைப்பு போனால் புதிதாக ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு, போய்ச் சேராததை மட்டும் மறுபடி அனுப்புகிறது. செய்தியின் பக்கத்தில் கடிகார அடையாளம் நின்று, பிறகு சரி அடையாளமாக மாறுவது அந்த வேலை நடந்ததைத்தான் காட்டுகிறது. உலாவிக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை; அது திறப்பது யாரோ ஒருவர் எழுதிய பக்கம்.

ஆனால் அடித்தளத்திலேயே ஒரு திருத்தம் வந்திருக்கிறது. குவிக் என்ற புதிய நெறிமுறையைக் கூகிள் நிறுவனத்தினர் உருவாக்கத் தொடங்கினார்கள். 2021 மே மாதத்தில் அது பொதுவான இணைய நியமமாக வெளியானது. அதில் இணைப்புக்கு அடையாளம் முகவரி அல்ல. தொடங்கும்போதே இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் ஓர் இணைப்பு இலக்கம்தான் அடையாளம். கடன் கொப்பியில் வீட்டு இலக்கத்துக்குப் பதிலாக ஆளின் அட்டை இலக்கத்தை எழுதியது போல. 14இலிருந்து 22க்குக் குடிமாறினாலும் அட்டையைக் காட்டினால் போதும். மீதிச் சாமான் புதிய வீட்டுக்கு வரும். வருவது உண்மையில் அதே ஆள்தானா என்று முதலாளி ஒரு சிறு சோதனை வைப்பார். குவிக்கும் புதிய முகவரிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வந்த பிறகே தாராளமாக அனுப்பத் தொடங்கும். வேறொருவர் இலக்கத்தைத் திருடிக்கொண்டு வந்தால் ஏமாறாமல் இருக்கத்தான் அது.

இதற்கும் எல்லை உண்டு. உலாவி, சேவையகம் இரண்டும் குவிக்கை அறிந்திருக்க வேண்டும். அறிந்திருந்தாலும், இடம்மாறும் வசதியை இரண்டும் ஏற்றிருக்க வேண்டும். சில வலையமைப்புகள் குவிக் பயணிக்கும் வழியையே தடுத்து வைத்திருக்கின்றன. அங்கே உலாவி பழைய டிசிபிக்கே திரும்பிவிடும். ஆகவே ஒரு தளத்தில் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறியும் ஒன்றும் ஆகாமல் இருக்கும். அடுத்த தளத்தில் அதே படியில், அதே தொலைபேசியில் பக்கம் அறுந்துபோகும். குசினிப் படியும் தொலைபேசியும் இரண்டு தடவையும் ஒன்றுதான். மறுமுனையில் உள்ள கொப்பியில் நம்மை எந்த இலக்கத்தால் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் வேறு.